சிங்கப்பூருக்கு நாலு பேர், ஒரே சார்ஜர்: எந்த கேபிளை எடுக்கலாம், எதை விடலாம்?

மலைக்கோட்டை_வாசி: அடுத்த மாசம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், நாலு பேர், ஆறு நாள். ஒரு லேப்டாப், அது டைப்-சி, 65 வாட். ரெண்டு சாம்சங் போன், ஒரு ஐபோன் 13, பொண்ணோட நெக்பேண்டு, ஒரு ஸ்மார்ட் வாட்ச். ஒரே மல்டிபோர்ட் சார்ஜர் போதுமா? எந்தெந்த கேபிள் கையில இருக்கணும்?

சாலிடர்: தாராளமா போதும். ரெண்டு டைப்-சி போர்ட், பழைய அகலமான யுஎஸ்பி-ஏ போர்ட் ஒண்ணு இருக்கிற 65 வாட் சார்ஜர் ஒண்ணு வாங்குங்க. பேட்டரிகளைக் கூட்டிப் பாருங்க: லேப்டாப் சுமார் 55 வாட்-மணி, சாம்சங் 5000 எம்ஏஎச்னா ஒவ்வொண்ணும் 19, ஐபோன் 13க்கு 12, மத்த ரெண்டும் சேர்ந்து 2. எல்லாமே காலியாகி ரூமுக்கு வந்தாலும் மொத்தம் 107தான். சூடாப் போற நஷ்டத்தையும் சேர்த்து 130ன்னு வைங்க. எட்டு மணி நேரத் தூக்கத்துல இந்த சார்ஜர் அதைப்போல மூணு மடங்குக்கும் மேல தரும். அதனால வாட் உங்களுக்குப் பிரச்சனை இல்ல. ஆறு சாமானுக்கு மூணு ஓட்டைதான் இருக்கு, அதுதான் பிரச்சனை. அதை ரெண்டு சுற்றாப் போட்டா தீர்ந்தது.

வாட்_வேலு: இதை நான் ஒத்துக்க மாட்டேன். 65 வாட் சார்ஜர்ல ரெண்டாவது கேபிளைச் செருகினதும் லேப்டாப்புக்கு 45தான் வரும். 100 வாட், நாலும் சி போர்ட்டா இருக்கிறதை எடுங்க. கேபிள் எல்லாத்தையும் 240 வாட் சி-டு-சியா வாங்கிட்டா எதுக்கு எதுன்னு யோசிக்கவே வேண்டாம். ஏ போர்ட் காலாவதி ஆன சமாச்சாரம்.

சாலிடர்: 45க்கு இறங்கும்னு வேலு சொல்றது சரி. பெரும்பாலான 65 வாட் சார்ஜர் அப்படித்தான் பிரிக்கும், சார்ஜர் உடம்பிலேயே பொடி எழுத்துல போட்டிருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. ஆனா மூடி வைச்ச லேப்டாப்புக்கு 45 வாட்ல ரெண்டு மணி நேரம் போனாலே பெரும்பகுதி நிறைஞ்சிடும்.

நாலும் சி போர்ட்டுங்கிறதுதான் இந்தக் குடும்பத்துக்கு ஆகாது. நெக்பேண்டைப் பாருங்க. சார்ஜரோட சி போர்ட் சும்மா இருக்கும்போது வோல்டேஜே விடாது. எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ரெசிஸ்டர் தெரிஞ்சாத்தான் 5 வோல்ட்டைத் திறக்கும். விலை குறைஞ்ச நெக்பேண்டு, டிரிம்மர், டார்ச் பலதுல அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடாமலே சி சாக்கெட்டை மட்டும் ஒட்டி வித்துடுறாங்க. சி-டு-சி கேபிளை எப்படித் திருப்பிச் செருகினாலும் லைட் எரியாது. சாமான் செத்துப்போச்சுன்னு நினைப்போம். ஏ போர்ட்ல எப்பவும் 5 வோல்ட் இருக்கும், அதனால ஏ-டு-சி கேபிள்ல உடனே ஏறும். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டிலேயே சி-டு-சில ஒவ்வொண்ணையும் செருகிப் பாருங்க, எதுக்கு லைட் வரலையோ அதுக்காக முப்பது சென்டிமீட்டர் ஏ-டு-சி ஒண்ணு.

வாட்_வேலு: ரெசிஸ்டர் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். கேபிள்ல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாதா கேபிளைப் போட்டா லேப்டாப் தவிக்கும்.

சாலிடர்: லேப்டாப்புக்கு மட்டும் நீங்க சொல்றது சரி. 65 வாட்னா 20 வோல்ட்ல 3.25 ஆம்பியர். உள்ளே சிப் இல்லாத சி-டு-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல விடாது, அதனால 60 வாட்டோட நின்னுடும். லேப்டாப்புக்கு 5 ஆம்பியர் கேபிள் ஒண்ணு, ஒன்றரை மீட்டர். 100 வாட்னு போட்டிருந்தாலே அது 5 ஆம்பியர்தான். போனுக்கும் அதையே போட்டா தடிமனா, விறைப்பா இருக்கும். சுருட்டி வைச்சா பை உப்பிக்கும், பலன் ஒண்ணும் இல்ல.

ஷர்மி_மதுரை: என் போன் 80 வாட், அதோட சொந்த சார்ஜர்ல அரை மணி நேரத்துல ஏறிடும். பிராண்டட் 65 வாட் சார்ஜர்ல போட்டா ஊருது. அப்போ மல்டிபோர்ட் சார்ஜர் எல்லாம் ஏமாத்துதானே? அவங்கவங்க சார்ஜரையே எடுத்துட்டுப் போங்க.

சாலிடர்: ஷர்மி, உங்க போன் தன் கம்பெனி சார்ஜரோட தனி மொழி பேசுது. பவர் டெலிவரி, சுருக்கமா பிடிங்கிற பொதுவான முறையில ஓடுற சார்ஜருக்கு அந்த மொழி தெரியாது, அதனால குறைஞ்ச வேகத்துக்கு இறங்கிடுது. ராத்திரி போட்டு காலையில எடுக்கிறதுக்கு அது போதும். இங்கே கேட்டவர்கிட்ட இருக்கிறது சாம்சங். அதுக்கு சார்ஜர்ல பிபிஎஸ் வேணும், அதாவது போன் கேக்கிறபடி வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தித் தர்ற வசதி. தனியா ஒரு போனை மட்டும் செருகிப் பாருங்க, திரையில `Super fast charging` வந்தா பிபிஎஸ் இருக்கு. 25 வாட் வாங்குற போன்லயும் வெறும் `Fast charging` வந்தா இல்ல. மூணு போர்ட்டும் நிறைஞ்சிருக்கும்போது சோதிச்சா தப்பான பதில் கிடைக்கும், ஏன்னா பல சார்ஜர்ல அப்போ சி2வும் ஏவும் 5 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கும்.

ரெண்டு_பின்: யாரும் பேசாத ஒரு விஷயம். அந்த ஒரே சார்ஜர் ஓட்டல்ல மறந்து போனாலோ, புகைஞ்சு போனாலோ நாலு பேரும் ஒரே நேரத்துல இருட்டுல. 45 வாட் ஒண்ணு, 20 வாட் ஒண்ணுன்னு ரெண்டா எடுத்தா எடையும் பெருசா கூடாது. ரெண்டு ரூம் எடுத்தா அப்பவும் உதவும்.

சாலிடர்: சிங்கப்பூர்ல மூணு தடிச்ச சதுர பின் சாக்கெட். நம்ம பின் நேரா நுழையாது, ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு அடாப்டர் வேணும். ஒரே சார்ஜர்னா ஒரே அடாப்டர், நான் அப்படிச் சொல்றதுக்கு அதுதான் முதல் காரணம். பேனா முனையால மேல் ஓட்டையைக் குத்தி ஷட்டரைத் திறந்து நம்ம ரெண்டு பின்னைச் செருகுறதைப் பலர் சொல்லித் தருவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. பிடிப்பு சரியா இருக்காது, பொறி பறக்கும்.

ரெண்டு_பின்: அடாப்டர் இருபது கிராம் இருக்குமா? அதுக்காக மாற்று இல்லாமப் போறதா? குழந்தைகளோட போறவங்க ரெண்டாவது சார்ஜரை வைச்சுக்கிறதுதான் நியாயம்.

சாலிடர்: ரெண்டு ரூம்னா உங்க பக்கம் வர்றேன். ஒரே ரூம்னா வரமாட்டேன், அந்த ஊர்ல ராத்திரி பத்து மணிக்கும் சார்ஜர் வாங்கலாம்.

மலைக்கோட்டை_வாசி: ஒரே ரூம்தான். அப்போ கேபிள் கணக்கு? மூணு தலை இருக்கிற ஒரே கேபிள் ஒண்ணு வீட்ல இருக்கு, அது எல்லாத்துக்கும் ஆகுமா?

சாலிடர்: அதை வீட்லயே விடுங்க. மூணு தலையும் ஒரே போர்ட்டோட 5 வோல்ட்டைப் பிரிச்சுக்கும், மூணு போனும் மெதுவாத்தான் ஏறும். உங்களுக்கு வேண்டியது: லேப்டாப்புக்கு அந்த 5 ஆம்பியர் கேபிள், சாம்சங்குக்கு ஒரு மீட்டர் 60 வாட் சி-டு-சி ஒண்ணு, ஐபோன் 13க்கு சி-டு-லைட்னிங் ஒண்ணு, நெக்பேண்டுக்குக் குட்டி ஏ-டு-சி, வாட்சோட வட்டத் தட்டு. ரெண்டாவது சாம்சங், லேப்டாப் கேபிளையே வாங்கிக்கும். வாட்ச் தட்டை மட்டும் ரெண்டு தடவை சரிபாருங்க, மத்ததெல்லாம் கடையில கிடைக்கும், உங்க மாடலுக்கான தட்டு கிடைக்கிறது கஷ்டம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு சி1ல லேப்டாப், சி2ல ஐபோன், ஏல நெக்பேண்டு. படுக்கப் போறப்ப லேப்டாப்பை எடுத்துட்டு அந்தக் கேபிள்ல ஒரு சாம்சங், ஐபோன் இடத்துல இன்னொண்ணு, ஏல வாட்ச். தட்டோட முனை சியா இருந்தா, ஒன்பது மணிச் சுற்றுல ஐபோன் நிறைஞ்சதும் சி2லயே அதையும் முடிச்சிடுங்க. ஒரு கேபிளைப் பிடுங்கினா எல்லாப் போர்ட்டும் ஒரு நொடி அணைஞ்சு திரும்ப வரும், அது கோளாறு இல்ல, சார்ஜர் பங்கை மாத்திப் போடுது.

வாட்_வேலு: பவர் பேங்க்?

சாலிடர்: 20,000 எம்ஏஎச் ஒண்ணு போதும், 74 வாட்-மணி, விமான வரம்பு 100. கைப்பையிலதான் வைக்கணும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள்ள பவர் பேங்கால போனை ஏத்த அனுமதிக்கிறதில்ல, அதனால ஏறுறதுக்கு முன்னாடியே போன்களை நிரப்பிடுங்க.

ரெண்டு_பின்: ஒரே ரூமா இருந்தாலும் நான் ரெண்டு சார்ஜர்தான் சொல்வேன்.

மலைக்கோட்டை_வாசி: இப்பத்தான் செருகிப் பார்த்தேன், நெக்பேண்டு சி-டு-சில எரியல. பழைய சார்ஜர்ல ஏ-டு-சி போட்டதும் சிவப்பு லைட் வந்துடுச்சு.