[கலைச்சொல்] வெட்டிலிருந்து தப்பும் நடுப்பகுதிக்கு என்ன சொல்?

கயல்: அன்பர்களே, ஒரு செயலியின் உதவிப்பக்கத்தை நாளை மாலைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். திரைப்பிடிப்பைச் சமூகத்தளத்தில் இடும்போது, தளம் எப்படி வெட்டினாலும் தப்பிவிடும் நடுப்பகுதியை 'சேஃப் ஏரியா' என்கிறார்கள். 'பாதுகாப்பான பகுதி' என்று போட்டால் கடவுச்சொல் சமாச்சாரமாகப் படிக்கிறது. வேறு சொல் உண்டா?

மாறன்: எது வெட்டுப்படுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். இன்றைய கைபேசிகள் பலவற்றில் திரைப்பிடிப்பு 1080×2400. இன்ஸ்டகிராமில் அதை 4:5 சட்டத்தில், அதாவது 1080×1350இல் போட்டால் நடு மட்டும் நிற்கும். மேலே 525, கீழே 525 புள்ளிகள் போய்விடும். பிழைச்செய்தி திரையின் அடியில் வரும் செயலியானால் காட்ட வேண்டியதே காணாமல் போகும். முழுப்படத்தையும் சுருக்கி அடைத்தால் அகலம் 608க்கு இறங்கி, எழுத்து பொடிப்பொடியாகிவிடும். ஆகவே வேண்டிய பகுதியை மட்டும் 1080×1350ஆக நாமே வெட்டிக்கொள்வதே வழி.

அதன் பிறகும் சுயவிவரப் பக்கத்தில் பதிவுகளைச் சிறுபடங்களாக அடுக்கிக் காட்டும் கட்டம் ஒன்று இருக்கிறது. இப்போதைய 3:4 கட்டம் இருபுறமும் ஏறத்தாழ 34 புள்ளிகளைத் தின்னும். பழைய சதுரக் கட்டம் மேலும் கீழும் 135ஐத் தின்னும். இரண்டுக்கும் தப்புவது நடுவில் உள்ள 1012×1080. இதற்குத்தான் பெயர் வேண்டும். 'வெட்டாப் பரப்பு' என்கிறேன்.

தாமரை: இவ்வளவு கணக்கு எதற்கு? நான் எல்லாவற்றையும் 1080×1080 சதுரமாகவே போடுகிறேன். எங்கும் வெட்டுப்படாது.

மாறன்: பதிவில் வெட்டுப்படாது அம்மா. 3:4 கட்டத்தில் சதுரத்துக்கு இடமும் வலமும் 135 போகும். உங்கள் தலைப்பு ஓரத்திலிருந்து தொடங்கினால் முதலெழுத்துகள் அங்கே இருக்காது, பாருங்கள்.

செழியன்: 'வெட்டாப் பரப்பு' என்றால் பரப்பு எதையோ வெட்டாமல் விடுகிறது என்று பொருள். 'வெட்டுண்ணாப் பரப்பு' என்பதே முறை. அதைவிட 'உள்வரம்பு' நல்லது. வரி, வரை, வரம்பு எல்லாம் ஒரே வேர். வயலில் வரம்புக்குள் நிற்பதுதான் பயிர். வரைதல் என்பதற்கு மணத்தல் என்ற பொருள் வந்ததும்...

மாறன்: ஐயா, திருமணம் வரை போக வேண்டாம். 'திண்ணை மெழுகிற்று' சரியென்றால் 'வெட்டாப் பரப்பு'ம் சரி. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வது வழக்கு என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. 'வரம்பு' கோட்டைத்தான் குறிக்கும். நமக்கு வேண்டியது கோட்டுக்குள் இருக்கும் இடம்.

செழியன்: வழக்கில் ஊறிய பிறகு தரும் சலுகை அது. புதிதாக ஆக்கும் சொல்லுக்கு அதைக் காட்டக் கூடாது.

தாமரை: 'சேஃப் ஏரியா' என்றே எழுதினால் எல்லோருக்கும் புரியுமே.

கயல்: மூவருக்கும் நன்றி. இப்போதைக்கு 'வெட்டாப் பரப்பு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் '1080×1350 படத்தில் நடுவே 1012×1080' என்று விளக்கிவிடுகிறேன். அடுத்த பத்தியில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' நிற்கிறது. 'அகல உயர விகிதம்' போதுமா?

செழியன்: விகிதம் வடசொல். 'வீதம்' என்று எழுதலாமா என்று பார்ப்போம். என் வாக்கு இன்னும் 'உள்வரம்பு'க்குத்தான்.

மாறன்: வீதமும் வேண்டாம் ஐயா, வட்டிக் கணக்காகிவிடும்.