உச்சி மாடி வால்வில் மிஞ்சும் அழுத்தத்துக்கு என்ன பெயர்?

கலைச்செல்வி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அடுக்குமாடிக் கட்டடங்களில் பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெசிடியுவல் பிரஷர் என்பதற்கு 'எச்ச அழுத்தம்' என்று போட்டிருந்தேன். போன வாரம் ஒரு ஆபரேட்டரிடம் அச்சுப்படியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "உச்சி மாடி ஹைட்ரன்ட் வால்வில் எச்ச அழுத்தம் 3.5 கிலோவுக்குக் குறையக் கூடாது" என்ற வரியில் நிறுத்தி, "மோட்டார் நின்ன பிறகு லைனில் மீதி நிற்குமே, அதுதானேம்மா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது: பம்ப் ஓடி, வால்வு திறந்து, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது அங்கே மிஞ்சுகிற அழுத்தம். அவரை எப்படிக் குறை சொல்வது, சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. வேறு சொல் வேண்டும்.

அன்பரசு எழுதியது:

'எஞ்சழுத்தம்' என்று வைக்கலாம். எஞ்சு + அழுத்தம், வினைத்தொகை, எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். எச்சம் என்றால் பலருக்கு முதலில் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும். பொருளும் எளிது: பம்ப் தருகிற அழுத்தத்திலிருந்து உயரத்தைக் கழித்தால் எஞ்சுவது. பத்து மீட்டருக்கு ஒரு கிலோ. மேலே உள்ள கேஜைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, விளக்கமே தேவையில்லை.

குமரேசன் எழுதியது:

தம்பி அன்பரசு, பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்பது சரி. கேஜைப் பார்த்தாலே தெரியும் என்பதுதான் சரியில்லை. முப்பது வருஷம் பம்ப் கமிஷனிங் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த தப்புகளில் பாதி அந்த நம்பிக்கையிலிருந்து வந்தவை.

ஒரு கட்டடத்தைச் சொல்கிறேன். பதினான்கு மாடி, உச்சி வால்வு பம்பிலிருந்து 43 மீட்டர் உயரம். பம்ப் நிமிடத்துக்கு 2280 லிட்டர், 88 மீட்டர் ஹெட். ரைசர் 150 மி.மீ. பம்ப் ரூமை ரேம்ப்புக்கு அடியில் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டார்கள். ரைசர் ஷாஃப்ட் எதிர் மூலையில். நடுவில் பேஸ்மென்ட் கூரையை ஒட்டி 60 மீட்டர் குழாய். எல்போ, வால்வு எல்லாவற்றையும் நீளமாக மாற்றிக் கூட்டினால் மொத்தம் சுமார் 150 மீட்டர். முழு ஓட்டத்தில் 150 மி.மீ. குழாயில் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 3.6 மீட்டர் போகும், ஆக இழப்பு ஐந்தரை மீட்டருக்குள். 88-இல் 43-ம் இந்த ஐந்தரையும் போக 39 மீட்டருக்கு மேல் மிஞ்சும், அதாவது கிட்டத்தட்ட நான்கு கிலோ. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கேட்கும் 3.5-க்கு மேலேதான்.

இது வரைபடத்தில். இடத்தில் என்ன நடந்தது என்றால், பேஸ்மென்டில் பீமுக்கும் ஏசி டக்ட்டுக்கும் இடையே உயரம் போதாமல் அந்த 60 மீட்டரை மட்டும் 100 மி.மீ. குழாயில் ஓட்டிவிட்டார்கள். விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உராய்வு இழப்பு ஏழு மடங்காகும். 2 மீட்டர் போக வேண்டிய இடத்தில் 15 மீட்டருக்கு மேல் போனது. உச்சியில் மிஞ்சியது 2.6 கிலோ.

கேஜ் என்ன காட்டியது தெரியுமா? 5.7 கிலோ. ஜாக்கி பம்ப் லைனைப் பத்து கிலோவில் பிடித்து வைத்திருந்தது, அதில் உயரத்துக்கு 4.3 போனால் 5.7. தண்ணீர் நகராதபோது உராய்வே கிடையாது, அதனால் குழாய் 150-ஆக இருந்தாலும் 100-ஆக இருந்தாலும், டெலிவரி வால்வை யாரோ பாதி மூடி வைத்திருந்தாலும் அந்த முள் அதே 5.7-இல்தான் நிற்கும். ஹோஸை மாட்டி, கீழ் வால்வுகளையும் சேர்த்துத் திறந்து முழு ஓட்டம் எடுத்தபோதுதான் முள் இறங்க ஆரம்பித்தது, இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. மொட்டை மாடியில் என் பக்கத்தில் நின்ற ஒப்பந்தக்காரர் கேஜை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கேஜில் கோளாறு இல்லை.

அதனால் சொல்லில் 'பாய்வு' இருக்க வேண்டும். என் ஓட்டு 'பாய்வழுத்தம்'.

ரங்கநாதன் எழுதியது:

எங்கள் குடியிருப்பிலும் ஆறாவது மாடியில் குளியலறைக் குழாய் நூலாகத்தான் வருகிறது, தொட்டி தலைக்கு மேலேயே இருந்தும். இதற்கும் பாய்வழுத்தக் குறைவுதான் காரணமா? ஹைட்ரன்ட் டெஸ்ட் வருஷா வருஷம் செய்கிறோம், ஃபோர்ஸ் நன்றாகவே இருக்கிறது. கேட் பக்கம் உள்ள வால்வைத்தான் திறந்து காட்டுவார்கள்.

குமரேசன் எழுதியது:

ஐயா, உங்கள் குளியலறை விஷயம் வேறு. தொட்டிக்கு மிக அருகில் உள்ள மாடிக்கு உயரமே இரண்டு மூன்று மீட்டர்தான் கிடைக்கும். ஆனால் கடைசியில் சொன்னீர்களே, அதை விடாதீர்கள். கேட் பக்கம் உள்ள வால்வு தரைமட்டத்தில், பெரும்பாலும் பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே தண்ணீர் சீறுவது உச்சி மாடியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அடுத்த முறை ரைசரில் கடைசி வால்வில் கேஜோடு திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாயும்போது கேஜ் முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் ரூமில் சக்ஷன் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ரெட்யூசரின் தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும், சரிவு மேலே இருந்தால் காற்று தங்கிவிடும். பம்ப் வாய்க்கு ஒட்டியே எல்போ வைத்திருந்தாலும் இதே தொல்லைதான்.

தர்சினி எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடப்புத்தகங்களில் பிரஷர் என்றால் 'அமுக்கம்'. 'பாய்வமுக்கம்' எங்களுக்கும் ஒத்துவரும், ஆனால் குமரேசன் அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். ஓடும் நீரில் பிடோ குழாயை நேரே நீட்டி அளக்கிறோமே, வேகத்தால் வரும் அமுக்கம், அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? பாய்வமுக்கம் என்றால் நான் முதலில் அதைத்தான் நினைப்பேன். வால்வருகே குழாய்ச் சுவரில் கேஜ் காட்டுவது வேறு, நாசில் வாயில் பிடோ காட்டுவது வேறு.

வால்வும் கணக்கில் வர வேண்டும். 1991-இல் பிலடெல்பியாவில் ஒரு 38 மாடிக் கட்டடம் எரிந்தபோது குழாயில் அழுத்தம் இருந்தும் வெளிவாயில் இருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் ஹோஸுக்குப் போதவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் 1993-இல் அமெரிக்க நெறியில் உச்சி வாய்க்கான அளவு 4.5 பாரிலிருந்து 6.9 பாருக்கு உயர்ந்தது. ஆகவே வால்வைத் தாண்டி எஞ்சுவது என்ற பொருளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அன்பரசு எழுதியது:

கேஜ் விஷயத்தில் நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். தர்சினி சொல்வதால் 'பாய்வெஞ்சழுத்தம்' என்று இரண்டையும் சேர்க்கலாமா?

குமரேசன் எழுதியது:

தம்பி, அதை மொட்டை மாடியிலிருந்து வாக்கிடாக்கியில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிடோ பற்றி தர்சினி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நாங்கள் அதை வெறுமனே 'பிடோ ரீடிங்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

கலைச்செல்வி எழுதியது:

அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால் இப்போதைக்கு இப்படி வைக்கிறேன். வால்வு மூடியிருக்கும்போது காட்டுவது 'நிலையழுத்தம்', திறந்து பாயும்போது வால்வில் மிஞ்சுவது 'எஞ்சழுத்தம்'. இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே எழுதுவேன், தனியாக விடமாட்டேன். பழைய வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "உச்சி மாடி வால்வைத் திறந்து, முழு ஓட்டத்தில் தண்ணீர் பாயும்போது கேஜைப் படிக்கவும். அந்த எஞ்சழுத்தம் 3.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. மூடிய வால்வில் படித்த அளவைப் பதிவேட்டில் இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம்."

இன்று காலை அதே ஆபரேட்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்போ நாங்க இத்தனை நாளா எழுதினது நிலையழுத்தமா?" என்று கேட்டு, பதிவேட்டைத் தேடி எடுத்து வந்தார். பிடோவுக்கான சொல்லைத் தனி இழையில் தொடங்குகிறேன்.