பிசா தேர்வில் தமிழ்நாட்டுக்கு 72ஆம் இடம்: ஷாங்காயோடும் வியட்நாமோடும் ஒப்பிடலாமா?

யாழினி, அண்ணா நகர்
முதுகலை ஆய்வுக்குத் தமிழ்நாடு, ஷாங்காய், வியட்நாம் மூன்றையும் எடுத்திருக்கிறேன். 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பிசா தேர்வின் 2009 சுற்றில், வாசிப்பில் ஷாங்காய் 556, நாம் 337. மொத்தம் 74 இடங்களில் நமக்கு 72. "ஏன் இந்த மூன்று?" என்று வழிகாட்டி கேட்கிறார். மேலே இருப்பவரையும் கீழே இருப்பவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

ரஹீம், பெரம்பூர்
ஒரு தவறும் இல்லை. ஒரே தேர்வு, ஒரே வயது, ஒரே அளவுகோல். 2011 டிசம்பரில் முடிவு வந்ததிலிருந்து நாம் சாக்குதான் தேடிக்கொண்டிருக்கிறோம். இமாச்சலமும் நாமும் எழுதினோம். நமக்குக் கீழே இருந்தது இமாச்சலமும் கிர்கிஸ்தானும் மட்டும். முதலிடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் வேறு யாரைப் பார்ப்பது?

தங்கராசு, தாம்பரம்
அந்தத் தேர்வையே ஒப்புக்கொள்ள முடியாது. பணக்கார நாடுகளுக்காக எழுதிய கேள்விகள். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லித்தான் இந்தியா அடுத்த சுற்றுகளில் சேரவில்லை. தவிர, அன்று தேர்வு எழுதிய பிள்ளைகள் சமச்சீர் கல்விக்கு முந்தியவர்கள். மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியன்டல் என்று நான்கு பாடத்திட்டத்தில் படித்தவர்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே எண் போட்டால் அதற்கு என்ன பொருள்?

செல்வம், கோட்டூர்புரம்
மாதிரிக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். தங்கராசு சார் சொல்வதில் பாதி சரி. பழக்கமில்லாத வகைக் கேள்வி மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆனால் 219 புள்ளி இடைவெளியை அது ஒன்றே உண்டாக்கியிருக்கும் என்று நம்ப முடியாது. கேள்வித்தாளுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, தேர்வு அறைக்குள் யார் உட்கார்ந்திருந்தார் என்பது.

பிசா 15 வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் அளக்கும் தேர்வு அல்ல. 15 வயதில் பள்ளியில் இருந்து, ஏழாம் வகுப்போ அதற்கு மேலோ படிப்பவர்களை மட்டும் அளக்கிறது. படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போன பிள்ளை கணக்கிலேயே கிடையாது.

இந்தக் கண்ணோடு ஷாங்காயைப் பாருங்கள். அது ஒரு நாடு அல்ல, சீனாவின் வளமான நகரம். வெளிமாகாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே குடியிருப்புப் பதிவு கிடையாது. அது இல்லாமல் மேல்நிலைப் படிப்பும் கல்லூரி நுழைவுத் தேர்வும் அங்கே கடினம். அதனால் பலர் 14, 15 வயதில் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள், அதாவது பிசா ஆளெடுக்கும் அதே வயதில். 2009இல் வேறு சில சீன மாகாணங்களிலும் தேர்வு நடந்தது. பட்டியலில் வெளியானது ஷாங்காய் மட்டும்.

நம் பக்கத்தில் முழு மாநிலம். தருமபுரி, ராமநாதபுரம் எல்லாம் சேர்த்து.

ரஹீம், பெரம்பூர்
சரி, ஷாங்காயை விடுங்கள். சீனா பிறகு நான்கு பகுதிகளைச் சேர்த்து எழுதியதே. 2018இல் அதுவும் முதலிடம்தான்.

செல்வம், கோட்டூர்புரம்
நல்ல உதாரணத்தை எடுத்தீர்கள் ரஹீம் பாய். அதற்கு முந்தைய சுற்றையும் சேர்த்துப் பாருங்கள். 2015இல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, குவாங்டாங் நான்கும் சேர்ந்து வாசிப்பில் எடுத்தது 494, பிசாவை நடத்தும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் சராசரியை ஒட்டித்தான். 2018இல் குவாங்டாங்கை எடுத்துவிட்டு ஜெஜியாங்கைச் சேர்த்தார்கள். 555, முதலிடம். மூன்று ஆண்டில் 61 புள்ளி ஏறும் பள்ளி முறை எங்கும் கிடையாது. பள்ளிகள் அவ்வளவு மாறவில்லை, பட்டியலில் நின்ற ஊர் மாறியது. அந்த இரண்டு எண்களை வைத்து "சீனா முன்னேறியது" என்று கோடு போட்டால் ஆய்வேடு அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

நம் அரசும் இதே வழிக்குத்தான் வந்தது. 2019இல் மறுபடி சேர முடிவெடுத்தபோது எழுத வைக்க நினைத்தது சண்டிகர், கேந்திரிய வித்யாலயா, நவோதயா. நவோதயா பள்ளியே இல்லாத மாநிலம் நம்முடையது. அந்தத் தேர்வு கடைசியில் நடக்கவில்லை. நடந்திருந்தால் "இந்தியா" என்ற பெயரில் ஓர் எண் வந்திருக்கும், அதைத் தமிழ்நாட்டின் 337உடன் ஒப்பிட்டு நாளிதழ்கள் எழுதியிருக்கும்.

சுதா, மேடவாக்கம்
என் மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவி. சிங்கப்பூருக்கு மாறியபோது ஒரு வகுப்பு கீழே இறக்கித்தான் சேர்த்தார்கள். முதல் ஆண்டு அழுதுகொண்டேதான் போனாள். பதிலை எழுதினால் போதாது, எப்படி வந்தது என்று காரணம் காட்டச் சொல்வார்களாம். அதனால் வெளிநாட்டுப் பாடத்திட்டம்தான் நல்லது என்று தோன்றுகிறது. யாழினி சிங்கப்பூரை எடுத்தால் என்ன?

யாழினி, அண்ணா நகர்
சுதா அக்கா, காரணம் காட்டச் சொல்வது பற்றி நீங்கள் எழுதியதைக் குறித்துக்கொண்டேன். எந்த நாட்டுப் பாடத்திட்டம் சிறந்தது என்பது என் கேள்வி அல்ல. வருமானம் குறைந்த இடத்தில் பிள்ளைகள் எப்படி நன்றாகக் கற்கிறார்கள் என்று பார்க்க நினைக்கிறேன். சிங்கப்பூர் அதற்கு ஒத்துவராது. வியட்நாமை எடுத்ததே அதனால்தான். செல்வம் சார், அதிலும் ஓட்டை உண்டா?

செல்வம், கோட்டூர்புரம்
உண்டு. கணக்குப் போட்டே பார்ப்போம்.

2012இல் வியட்நாம் கணிதத்தில் 511 எடுத்தது, ஓஇசிடி சராசரி 494. உலகமே வியந்தது. ஆனால் அந்நாட்டு 15 வயதினரில் தேர்வின் வலைக்குள் வந்தவர்கள் சுமார் 56 சதவீதம்தான். இப்போது 100 பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள். 44 பேர் வெளியே இருப்பவர்கள். அவர்கள் எழுதியிருந்தால் எல்லாரும் நடுப்பிள்ளையைவிடக் குறைவாக எடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கீழிருந்து 50ஆவதாக நிற்பது யார்? அந்த 44 பேரைத் தாண்டி, தேர்வு எழுதிய 56 பேரில் கீழிருந்து ஆறாவது பிள்ளை. மதிப்பெண் பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் 86 புள்ளி வாக்கில் இருந்ததால் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் ஏறத்தாழ 405 வரும்.

இந்த 405உம் உண்மை மதிப்பெண் அல்ல, அது கீழ் எல்லை. வீட்டு நிலைமையால் படிப்பை விட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளும் அந்த 44இல் இருப்பார்கள். உண்மை 405க்கும் 511க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதற்காக, மெக்சிகோ 413 எடுத்தது, வியட்நாமும் அதுவும் சமம் என்றும் எழுதிவிடாதீர்கள். மெக்சிகோவிலும் நிறையப் பேர் தேர்வுக்கு வெளியே இருந்தார்கள். திருத்தினால் எல்லா நாட்டையும் ஒரே முறையில் திருத்த வேண்டும்.

ரஹீம், பெரம்பூர்
அப்படியானால் நம்மையும் திருத்துங்கள். 15 வயதில் படிப்பை விட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் இல்லையா? உங்கள் வழியில் போனால் 337 இன்னும் இறங்கும். தரவரிசையைத் திட்டுகிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை?

செல்வம், கோட்டூர்புரம்
இறங்கும், மறுக்கவே இல்லை. உங்கள் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்கு 72 என்ற எண் தேவையில்லை. வாசிப்பில் அடிப்படைத் தகுதி நிலை என்று அவர்கள் வைத்த இரண்டாம் நிலையை எட்டியவர்கள் இங்கே சுமார் 17 சதவீதம். ஓஇசிடி நாடுகளில் 81. பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஆறில் ஒருவர்தான் ஒரு சாதாரணப் பத்தியைப் படித்து அதிலிருந்து பயன்பெற முடிகிறது என்றால், பக்கத்தில் யார் நின்றாலும் அது கவலைதான். அதே பட்டியலில் இமாச்சலம் 317, கிர்கிஸ்தான் 314. அந்த 3 புள்ளி பிழை வரம்புக்குள் அடங்கும், 73, 74 என்று பிரிப்பதற்கே அர்த்தமில்லை.

தங்கராசு, தாம்பரம்
அந்த 17 சதவீதமும் அதே தேர்வு சொன்னதுதானே. அதை மட்டும் எப்படி நம்புவது?

செல்வம், கோட்டூர்புரம்
அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை சார். கேள்வியின் அந்நியத்தால் சில புள்ளி போயிருக்கலாம். எத்தனை என்று யாரும் தனியாகப் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

யாழினி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியட்நாமை விடவேண்டாம், பிசாவை விட்டுவிட்டுப் பாருங்கள். யங் லைவ்ஸ் என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்தும் நீண்டகால ஆய்வு இருக்கிறது. எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், நம் பக்கத்து ஆந்திரம், தெலங்கானா ஆகிய இடங்களில் சுமார் 12,000 பிள்ளைகளை 2002 முதல் தொடர்ந்து பார்க்கிறார்கள். பள்ளிக்குப் போய் அல்ல, வீட்டுக்குப் போய்ச் சோதிக்கிறார்கள். அதனால் இடைநின்ற பிள்ளையும் கணக்கில் வருகிறது. அந்தத் தரவில் 5 வயதில் வியட்நாம் பிள்ளைகளின் முன்னிலை சிறியது. 8 வயதுக்குள் விரிந்துவிடுகிறது. தொடக்கப் பள்ளியின் ஒவ்வோர் ஆண்டும் அங்கே கூடுதலாகக் கற்றுத்தருகிறது என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதாவது வியட்நாமின் தரவரிசை நம்மை ஏமாற்றினாலும் அதன் பள்ளிகளிடம் உண்மையாகவே ஏதோ இருக்கிறது.

ரஹீம், பெரம்பூர்
அந்த ஆய்வும் ஒவ்வொரு நாட்டிலும் 20 இடங்களைத் தேர்ந்தெடுத்து நடத்தியது, ஏழைகளைக் கூடுதலாகச் சேர்த்து. முழு நாட்டுக்கும் பொருந்தும் மாதிரி அல்ல. ஒரு பட்டியலில் ஓட்டை என்று சொல்லி இன்னொரு ஓட்டையைக் கையில் கொடுக்கிறீர்களே.

செல்வம், கோட்டூர்புரம்
உண்மை. எந்த நாடு எந்த இடம் என்று சொல்ல அது உதவாது. ஒரே பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது எவ்வளவு கற்கிறது என்று பார்க்க உதவும். யாழினிக்கு வேண்டியது இரண்டாவது.

யாழினி, அண்ணா நகர்
ஷாங்காயை விட்டுவிடுகிறேன். வியட்நாமையும் ஆந்திரத்தையும் வைத்து, 5 முதல் 8 வயது வரை மட்டும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டைச் சேர்க்க வழியிருக்கிறதா? இந்தியப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பின் தரவும் வீட்டுக்குப் போய் எடுப்பதுதானே?

செல்வம், கோட்டூர்புரம்
ஏசர் வீட்டுக் கணக்கெடுப்புதான், ஆனால் ஊரகத்துக்கு மட்டும். சென்னை மாவட்டம் அதில் வராது. கேள்விகளும் வேறு, இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிகிறதா என்ற அளவில் இருக்கும். ஆந்திரமும் தமிழ்நாடும் ஏசரில் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று தனியாக ஓர் அத்தியாயம் எழுதலாம். வியட்நாம் எண்ணோடு ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

தங்கராசு, தாம்பரம்
இன்னொன்று. வியட்நாம் தனி நாடு, ஆந்திரம் ஒரு மாநிலம். ஆசிரியர் நியமனம், சம்பளம், பாடநூல் எல்லாம் மாநிலத்தின் கையில் இருந்தாலும் நிதியில் ஒரு பங்கு தில்லியிலிருந்து வருகிறது. நாட்டையும் மாநிலத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று வழிகாட்டி அடுத்துக் கேட்பார். அதற்கு என்ன சொல்லப் போகிறாய் அம்மா?

யாழினி, அண்ணா நகர்
தொடக்கப் பள்ளியில் ஆசிரியரும் புத்தகமும் யார் முடிவில் வருகின்றன என்பதை மட்டும் இரண்டு இடத்திலும் எழுதிப் பார்க்கிறேன் ஐயா. அது ஒத்துப்போகவில்லை என்றால் ஆந்திரத்தை எடுத்துவிட்டுப் பெருவை வைக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை வழிகாட்டியைப் பார்க்கிறேன்.