புதுப்பிப்பு: புளிச்ச ஏப்பத்துக்குக் காரணம் தெரிஞ்சுடுச்சு

போன மாசம் நான் கேட்டது: "படுத்தா வாயெல்லாம் புளிப்பு, ஏப்பம், தொண்டை எரியுது. வயிற்று ஸ்கேன் நார்மல். வேற என்ன பார்க்கணும்?"

தர்மபுரியிலேயே எண்டோஸ்கோபி எடுத்தாச்சு. ராத்திரியிலிருந்து பட்டினி, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே, கொஞ்சம் குமட்டல், சில நிமிஷத்தில் முடிஞ்சது. ஹையாட்டஸ் ஹெர்னியாதான். எண்டோஸ்கோபிக் குழாயில் செ.மீ. குறி இருக்கு, முன்பல்லிலிருந்து கணக்கு. எனக்கு உணவுக்குழாய் முடியும் இடம் 36, உதரவிதானம் இறுக்கும் இடம் 39. அந்த 3 செ.மீ. இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியிருக்கு. 2-க்கு மேல் இருந்தால்தான் டாக்டர் உறுதியாச் சொல்வாராம். சின்னதா இருந்தா வழுக்கி உள்ளே போயிடும், எண்டோஸ்கோபியிலும் தப்பும்; அப்போ பேரியம் குடிக்க வெச்சு எக்ஸ்ரே. சாதாரண ஸ்கேனை நம்பினது என் தப்பு.

"ராத்திரி களியை நிறுத்து"ன்னு சொன்ன அண்ணே, பாதி சரி. களி குற்றவாளி இல்ல, பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்ததுதான். ஹெர்னியான்னதும் சித்தப்பா தன் தொடையிடுக்கு ஆபரேஷன் கதையை ஆரம்பிச்சுட்டார். அது வேற இடம்.

மாத்திரையில் எரிச்சல் குறைஞ்சிருக்கு. காலையில் குரல் கரகரப்பு மட்டும் போகல. இதனாலயான்னு டாக்டரும் அடிச்சுச் சொல்லல.