காதுக்கு எழுதிய முன்னுரை தந்தி மாதிரி ஒலிக்கிறது, உதவுங்கள்

வணக்கம். வேலூர்க் கோட்டையில் நடந்த 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றி ஒரு ஒலித்தொடர் தயாரிக்கிறேன். ஒரு நிமிட முன்னுரையிலேயே மூன்று வாரமாக நிற்கிறேன்.

முதலில் எழுதியது இது: "புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்றும் நெற்றிக்குறி இடக்கூடாது என்றும் வந்த உத்தரவால் கொதித்துப்போயிருந்த சிப்பாய்கள், 1806 ஜூலை 10 விடியுமுன்னே கோட்டைக்குள் ஆங்கிலேயரைத் தாக்கினார்கள்." கண்ணுக்குச் சரி. ஆனால் போனில் பதிந்து அம்மாவிடம் போட்டேன். "யாருடா தாக்கினது?" என்று கேட்டார். வினைச்சொல் வருவதற்குள் சிப்பாய்களை மறந்துவிட்டார்.

அப்புறம் உடைத்தேன்: "உத்தரவு வந்தது. புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும். நெற்றியில் குறி கூடாது. சிப்பாய்கள் கொதித்தார்கள். ஜூலை 10. இன்னும் விடியவில்லை. கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது." இப்போது அம்மாவுக்குப் புரிகிறது. ஆனால் எல்லா வாக்கியமும் ஒரே நீளம். நாலாவது வாக்கியத்திலேயே காது சலித்துவிடுகிறது.

மெதுவாகப் படித்தேன், இடைவெளி கூட்டினேன். இழுவைதான் மிஞ்சியது. "கொதித்தார்கள், பின்னே கொதிக்காமல்?" என்று பேச்சு நடையில் ஒரு கேள்வி சேர்த்தேன். அந்த இடம் மட்டும் உயிர் பெற்றது. எல்லா இடத்திலும் அதைச் செய்தால் வாத்தியார் கேள்வி கேட்பது போலாகிறது. ஆண்டையும் முன்னால் வைத்துப் பார்த்தேன், பாடப்புத்தகம் போல் இருந்தது.

வானொலியிலோ மேடையிலோ எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இந்தக் குட்டி வாக்கியங்களில் எந்த இரண்டை ஒன்றாகச் சேர்த்தால், பொருளும் நழுவாமல் பேச்சின் ஓட்டமும் வரும்?