ஹையர் நைடெக் முடித்துத் தொழிற்சாலை நேர்காணலுக்குப் போனவர்கள், அங்கே என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ்காரன்:
வேலை-படிப்பு டிப்ளோமாவுக்காகப் போன நேர்காணலைச் சொல்கிறேன். நிறுவனம் நம்மை முழுநேர ஊழியராக எடுத்துக்கொண்டு சம்பளம், மசேநிதி எல்லாம் தரும். எனக்கு வாரத்தில் ஒருநாள் ஐடிஇ வகுப்பு, மற்ற நாளெல்லாம் தொழிற்சாலை. அதனால் கல்லூரியில் சேருவதைவிட, நிறுவனம் நம்மை எடுப்பதுதான் பெரிய கட்டம்.

மனிதவளத்துறை அம்மா பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பராமரிப்பு எஞ்சினியர்தான் உட்கார வைத்துக் கேட்டார். ஒரு தாளில் ஸ்டார்ட்-ஸ்டாப் சர்க்யூட் வரைந்தார். "பச்சைப் பட்டனை அமுக்கியிருக்கும்வரை மோட்டார் ஓடுகிறது. கையெடுத்தால் நின்றுவிடுகிறது. எங்கே பார்ப்பாய்?"

மோட்டார் ஓடுகிறது என்றால் ஃபியூஸ், ஓவர்லோடு, ஸ்டாப் பட்டன், காயில் எல்லாம் சரி. மிச்சம் இருப்பது ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக வரும் காண்டாக்டரின் ஹோல்டிங் காண்டாக்ட், 13-14 முனைகள். அதைச் சொன்னேன். "சரி, எப்படிச் சோதிப்பாய்?" என்றார். முதலில் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு டேக் மாட்டுவேன், மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்வேன் என்றதும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு காண்டாக்டரைக் கையால் அமுக்கி 13-14இல் தொடர்ச்சி பார்ப்பேன் என்றேன். "ஒரு வயரைக் கழற்றிவிட்டுப் பார், வேறு வழியாகச் சுற்றி வந்து ஏமாற்றலாம்" என்று அவரே சேர்த்தார். காண்டாக்டில் வைத்த மீட்டர் சத்தம் கொடுத்தால் கோளாறு பட்டன் பெட்டிக்குப் போகும் வயரில். கிரேடு பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஈசூன் மாமா:
தம்பி, இதெல்லாம் வேண்டாம். சான்றிதழ் இருக்கிறதா, ஷிஃப்டுக்கு வருவாயா, இரண்டே கேள்விதான். அதோடு டிப்ளோமா படித்தால் அரசாங்கம் 15,000 வெள்ளி கையில் கொடுக்கிறது. யோசிக்காமல் சேர்.

பழைய டெக்னீஷியன்:
அண்ணன் சொல்வதில் ஷிஃப்ட் சரி. பணக் கணக்கு அப்படி இல்லை. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த உதவி அது, ஐடிஇ முடித்த, 30 வயது வரையுள்ள சிங்கப்பூரர்களுக்கு. டிப்ளோமாவில் சேரும்போது 5,000 வெள்ளி உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் விழும், முடித்தபிறகு 10,000 மசேநிதி சாதாரணக் கணக்கில் விழும். கைக்குப் பணமாக வராது. பாதியில் விட்டால் அந்தப் பத்தாயிரம் கிடையாது.

நானும் இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்காருகிறேன். எல்லோரும் அதே சான்றிதழோடுதான் வருகிறார்கள், அதை வைத்துப் பிரிக்க முடியாது. நான் கேட்பது தொழிற்பயிற்சியில் கைவைத்த ஒரே ஒரு இயந்திரத்தைப் பற்றி. "சென்சார் மாற்றினேன்" என்பார்கள். சென்சார்தான் கெட்டது என்று எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்பேன். போன மாதம் ஒரு பையன், "சென்சாரின் விளக்கு எரிந்தது அண்ணே, பிஎல்சி உள்ளீட்டு விளக்கு எரியவில்லை. அதனால் சென்சாரை விட்டுவிட்டு கேபிளைப் பார்த்தேன். கேபிளைத் தாங்கும் சங்கிலி வளைகிற இடத்தில் உள்ளே அறுந்திருந்தது" என்றான். அவனை எடுத்துவிட்டோம். வருகைப்பதிவையும் பார்ப்பேன். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும் இடத்தில் ஒருவன் வராவிட்டால், இரவு பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் வீட்டுக்குப் போக முடியாது.

தெம்பனீஸ் அம்மா:
என் மகனுக்குச் சிவப்பு-பச்சை நிறக் குறைபாடு இருக்கிறது. பாலிடெக்னிக் போகலாமா, ஐடிஇயா?

பழைய டெக்னீஷியன்:
அம்மா, இங்கே பேசுவது வேலைக்குப் போகும் வழியை. ஆனாலும் கேட்டது நல்லதாயிற்று. மின்சாரம் சார்ந்த பல படிப்புகளில் சேரவே நிறப்பார்வை சரியாக இருக்க வேண்டும். பாலிடெக்னிக்கிலும் சில படிப்புகளுக்கு அப்படித்தான். எங்கள் ஆலையிலும் மருத்துவப் பரிசோதனையில் பார்க்கிறோம், வயரின் நிறமும் அபாய விளக்கும் தெரிய வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்தப் படிப்பின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். இயந்திரக் கடைசல் பக்கம் எப்படி என்று அதில் வேலை செய்பவர்கள் சொன்னால் நல்லது.

உட்லண்ட்ஸ்காரன்:
இன்னொன்று. கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: வகுப்பு நாளுக்கு முந்தைய இரவு ஷிஃப்ட் போடுவார்களா? என் இடத்தில் போடமாட்டார்கள். என்னோடு படிக்கும் ஒருவன் இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் சீருடையோடு ஆங் மோ கியோ கல்லூரிக்கு வருகிறான். இடைவேளை வரைகூட அவனால் கண் திறந்திருக்க முடிவதில்லை. கடிதத்தில் இல்லாததால் மேலாளரிடம் கேட்கத் தயங்குகிறான். இப்படி மாற்றிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யாரிடம் பேசினீர்கள், நிறுவனத்திடமா, கல்லூரி விரிவுரையாளரிடமா?

ஈசூன் மாமா:
விரிவுரையாளரிடம் போகச் சொல். மேலாளர் கோபப்பட்டால் யார் பார்ப்பது?

பழைய டெக்னீஷியன்:
நான் மேலாளரிடமே முதலில் பேசச் சொல்வேன். ஷிஃப்ட் அட்டவணை அவர் கையில்தான் இருக்கிறது.