புதுப்பிப்பு: லிமிங்டன் – யார்மத் நீரோட்ட முக்கோணம்

இங்கிலாந்தின் லிமிங்டனிலிருந்து எதிரே வைட் தீவிலுள்ள யார்மத்துக்குப் படகில் போக, நீரோட்டம் தள்ளுவதை ஈடுகட்டி எந்தத் திசையில் ஓட்டுவது என்று வரைபடத்தில் கண்டுபிடிக்க உதவி கேட்டிருந்தேன். என் கேள்வி: "நீரோட்டக் கோட்டின் நுனியை யார்மத்தோடு நேரே இணைத்தால் ஓட்டவேண்டிய திசை கிடைக்குமா?"

கிடைக்காது. உதவிய எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, இங்கே எழுதிய மூத்த மாலுமி அண்ணன் சொன்ன வழிதான்.

லிமிங்டன் ஆற்றுமுகத்திலிருந்து யார்மத்துக்கு 170 பாகையில் கோடு போட்டு, ஊரைத் தாண்டியும் நீட்டினேன். கிளம்பும் புள்ளியிலிருந்தே, கடல் வற்றும்போது ஓடும் நீரோட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு வரைந்தேன்: 240 பாகை, 2 மைல். அதன் நுனியில் கவராயத்தை ஊன்றி, படகு வேகமான 5 மைலுக்கு விரித்து, நீட்டிய கோட்டை வெட்டினேன். நுனியிலிருந்து அந்த வெட்டுக்கு 148 பாகை. அதுதான் திசை.

எதிர்பாராதது, வெட்டு வைட் தீவின் நிலத்துக்குள் விழுந்தது. பரவாயில்லை, கிளம்பும் புள்ளியிலிருந்து அதுவரை உள்ள தூரம் ஒரு மணி நேர வேகத்தைத்தான் சொல்கிறது: மணிக்கு 5.3 மைல். கடக்க சுமார் 22 நிமிடம்.

"ஓட்டத்துக்கு எதிராக 10 பாகை திருப்பு" என்றவர் சொன்ன பக்கம் சரி, அளவு போதாது. காற்று பக்கவாட்டில் தள்ளுவதற்கு எவ்வளவு சேர்ப்பது என்பது மட்டும் இன்னும் பாக்கி.